பேச்சு பிரமாதம், ஆனா மார்க் எதுக்கு? பிரசென்டேஷனுக்கு ரூப்ரிக் எழுதின கதை

ஒரே தலைப்புல ரெண்டு பேர் பேசினாங்க. ராத்திரி படுத்துக்கிட்டு போன் பாக்குறதுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஆளுக்கு ஒரு செக்ஷன்ல 40 பேருக்கு ஃபார்ம் குடுத்து, வந்த பதிலை வச்சு 8 நிமிஷம் பேசணும், அப்புறம் கேள்வி. முதல்ல வந்த பையனுக்கு மேடைன்னா தண்ணி பட்ட பாடு. சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சான், கைய வீசிப் பேசினான், முடிச்சதும் கிளாஸே கை தட்டுச்சு. அடுத்து வந்த பொண்ணுக்கு குரலே எழும்பல, பாதி நேரம் கையில இருந்த துண்டுச்சீட்டைத்தான் பாத்துச்சு.

என் கையில அப்ப இருந்தது ஒரு சாதாரண மார்க் ஷீட். ஸ்ட்ரக்சர், ஆதாரம், டெலிவரி, கேள்விக்குப் பதில்னு நாலு வரி, ஒவ்வொண்ணுக்கும் 10. பையனுக்கு 8, 8, 9, 8, மொத்தம் 33. பொண்ணுக்கு 7, 7, 5, 6, மொத்தம் 25. வீட்டுக்கு வந்து, ஓரத்துல கிறுக்கி வச்சிருந்த குறிப்பைப் படிச்சா எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. பையன் காமிச்ச நம்பர் எத்தனை பேர்கிட்ட வாங்கினதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. பொண்ணு சொல்லியிருக்கு, அதுவும் ரெண்டு தடவ. அப்புறம் எப்படி ஆதாரத்துல அவனுக்கு 8, இதுக்கு 7? நாலு வரி இருந்தும் நான் போட்டது ஒரே மார்க்குதான், டெலிவரி மார்க்கு. அதையே மத்த மூணு கட்டத்துலயும் கொஞ்சம் ஏத்தி இறக்கி நிரப்பியிருக்கேன்.

இது எனக்கு மட்டும் வர்ற வியாதி இல்ல. 1920லயே எட்வர்ட் தார்ண்டைக்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் இதைப் புடிச்சுட்டார். ராணுவ ஆபீசர்கள் தங்களுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமைக் குணம், நடத்தைன்னு தனித்தனியா மார்க் போட்டதைப் பாத்தா, ஒண்ணுல நல்ல மார்க் வாங்கினவன் எல்லாத்துலயும் நல்ல மார்க் வாங்கியிருந்தான், இயல்பா இருக்க வேண்டியதை விட ரொம்ப அதிகமா ஒட்டிப் போச்சு. இதைத்தான் ஹேலோ எஃபெக்ட்னு சொல்றாங்க. பிரசென்டேஷன்ல இது இன்னும் மோசம், ஏன்னா டெலிவரிங்கிறது முதல் வினாடியிலேயே கண்ணுல படுது, ஆதாரம் நல்லா இருக்கா இல்லையான்னு தெரிய அஞ்சு நிமிஷமாவது காது குடுத்துக் கேக்கணும்.

1970ல நடந்த டாக்டர் ஃபாக்ஸ் லெக்சர் இன்னும் வேடிக்கை. மைக்கேல் ஃபாக்ஸ்னு ஒரு நடிகரைக் கூட்டி வந்து, பெரிய நிபுணர்னு அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில கணித கேம் தியரின்னு ஒரு தலைப்புல பேச விட்டாங்க. அவருக்குக் குடுத்த பயிற்சியே சுவாரசியமா பேசணும், ஆனா உள்ள ஒண்ணுமே இருக்கக்கூடாது, முன்னுக்குப் பின் முரணா இருக்கணும்னுதான். கேள்வி பதில் நேரத்துலயும் அப்படியே சமாளிக்கச் சொல்லிருந்தாங்க. கேட்டவங்க படிச்ச, தொழில்முறை ஆளுங்க, ஆனா ஃபீட்பேக் ஃபார்ம்ல பெரும்பாலும் நல்லாருந்துச்சுன்னுதான் எழுதினாங்க. 1973ல பேப்பரா வந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப் வைக்கலைன்னு அப்புறம் விமர்சனமும் வந்துச்சு, அது நியாயம்தான், அதனால இதை வச்சு பெரிய முடிவுக்கெல்லாம் போக வேணாம். ஆனா ஃபார்ம்ல என்ன கேக்குறோமோ அதுக்குத்தான் பதில் வரும்ங்கிறது மட்டும் எனக்கு உறைச்சுச்சு. சுவாரசியமா இருந்துச்சான்னு கேட்டா இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க, சொன்ன விஷயத்துக்கு ஆதாரம் என்னன்னு எழுதச் சொன்னாதான் பேனா நிக்கும்.

அதனால நான் அந்த மார்க் ஷீட்டை ரூப்ரிக்கா, அதாவது ஒவ்வொரு வரியிலயும் எந்த லெவலுக்கு என்ன இருக்கணும்னு கட்டம் கட்டமா சொல்ற அட்டவணையா, திருப்பி எழுத உக்காந்தப்ப வச்சுக்கிட்ட கணக்கு ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு கட்டத்துலயும் எழுதுறது, பின்னாடி உக்காந்து கேக்குற ஒருத்தர் காதால கேட்டோ கண்ணால பாத்தோ ஆமா இல்லன்னு சொல்லக்கூடியதா இருக்கணும். "சிறப்பாக", "ஓரளவு", "போதுமான" இந்த மாதிரி சொற்களை வச்சு நாலு லெவல் எழுதுறது ரொம்ப ஈஸி, மிகச் சிறப்பாகன்னா 4, சிறப்பாகன்னா 3, ஓரளவுன்னா 2, இப்படி 16 கட்டத்தையும் பத்தே நிமிஷத்துல நிரப்பிடலாம், பாக்கவும் அழகா இருக்கும், ஆனா அதுல ஒரு தகவலும் இல்ல. 10 மார்க்குக்கு 7ன்னு போடுறதையே வார்த்தையில போட்டிருக்கோம், அவ்வளவுதான்.

ஆதார வரியை எப்படி மாத்தினேன்னு மட்டும் விவரமா சொல்றேன், மத்தது அதே மாதிரிதான். பேசும்போது நான் பேப்பர்ல பேச்சாளர் சொல்ற முக்கியமான கூற்று ஒண்ணு ரெண்டு, அதிகபட்சம் மூணு எழுதிக்குவேன். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூணு விஷயம் குறிக்கணும். ஆதாரம்னு ஏதாவது காட்டினாரா. அது எங்கேருந்து, எத்தனை பேர்கிட்டேருந்து வந்ததுன்னு வாய்விட்டுச் சொன்னாரா. சொன்ன முடிவை அந்த ஆதாரம் தாங்குதா. மூணாவதுதான் ஆளைக் கவுக்கும். ஆதாரமே இல்லாம சும்மா சொல்லிட்டுப் போனா லெவல் 1. ஆதாரம் இருக்கு, ஆனா எங்கேருந்துன்னு தெரியல, இல்லன்னா முடிவு ஆதாரத்தைத் தாண்டி ஓடுதுன்னா 2. எங்கேருந்துன்னு சொல்லியாச்சு, முடிவும் அதுக்குள்ளயே நிக்குதுன்னா 3. அதோட தன் ஆதாரத்துல என்ன ஓட்டைங்கிறதையும் அவரே எடுத்துச் சொன்னா 4.

இப்ப அந்தப் பையன் கேஸைப் பாருங்க. "போன் பாக்குறதாலதான் தூக்கம் குறையுது, இதோ என் சர்வே"ன்னு ஒரு பார் சார்ட் காமிச்சான். சார்ட் இருக்கு, ஆக ஆதாரம் இருக்கு. எத்தனை பேர்னு சொல்லல. அதை விட, சர்வேல தெரியறது போன் அதிகமா பாக்குறவங்க குறைவாத் தூங்குறாங்கன்னு மட்டும்தான், எது எதனாலன்னு அதுல கிடையாது, தூக்கம் வராததாலதான் போனை எடுத்தேன்னும் ஒருத்தன் சொல்லலாமே. லெவல் 2, இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல. பொண்ணு என்ன சொல்லுச்சுன்னா, "40 பேருக்குக் குடுத்தேன், 31 பேர் திருப்பித் தந்தாங்க, ரெண்டும் சேந்து வருதுன்னு மட்டும் தெரியுது, எதனால எதுன்னு இதை வச்சு சொல்ல முடியாது". லெவல் 4. குரல் சன்னமா இருந்ததுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

ஸ்ட்ரக்சருக்கு முன்னாடி "தெளிவான முன்னுரை, கோர்வையான நடு, பொருத்தமான முடிவு"ன்னு வச்சிருந்தேன். ஒரே கட்டத்துல மூணு விஷயம், முன்னுரை அருமை ஆனா முடிவே இல்லன்னா என்ன போடுறது? இப்ப ஒரு சின்ன வேலை பண்றேன். பேச்சு முடிஞ்சதும் மார்க் போடுற ரெண்டு பேரும், ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் பாக்காம, இவர் சொல்ல வந்தது என்னன்னு ஒரு வரியில எழுதணும். ரெண்டு வரியும் ஒத்துப் போனா 3க்குக் குறையாது, அந்த வரிக்கு எப்படிப் படிப்படியா கூட்டிட்டு வந்தார்னும் சொல்ல முடிஞ்சா 4. ஆளுக்கு ஒண்ணு எழுதினா 2, ஒருத்தராலயும் எழுத முடியலன்னா 1. நேரம் தாண்டிப் போறதையும் இந்த வரியிலதான் வச்சிருக்கேன், 8 நிமிஷம்னா 9 தாண்டினா ஒரு லெவல் கீழ. முக்கியமா அதே தப்புக்கு டெலிவரியிலயும் கை வைக்கக் கூடாது, ஒரே குத்தத்துக்கு ரெண்டு இடத்துல அபராதம் போடுற பழக்கம் நமக்கெல்லாம் தெரியாமலேயே இருக்கு.

டெலிவரி வரியிலேருந்து நான் முதல்ல தூக்கினது "தன்னம்பிக்கை"ங்கிற வார்த்தை. அதை யாரும் கண்ணால பாக்க முடியாது, நிமிந்து நின்னா நம்பிக்கைன்னு நாம நினைச்சுக்கிறோம். அடுத்து உச்சரிப்பு வழக்கு, திக்கிப் பேசுறது, ஒரு இடத்துல நிக்காம அசையுறது எல்லாம் போச்சு. திக்குற பிள்ளைக்கு அதுக்காக மார்க் குறைச்சா நாம அளக்குறது பேச்சுத் திறமையை இல்ல, அவன் உடம்பை. மிச்சம் இருக்கிறது, கடைசி வரிசைக்குக் கேட்டுச்சா, ஸ்லைடை அப்படியே வாசிச்சாரா இல்ல தன் வார்த்தையில சொன்னாரா, கேக்குறவங்க பின்தொடர்ற வேகத்துல போனாரா. இந்த மூணுல எது எத்தனை தடவ புரிஞ்சுக்கத் தடையா இருந்துச்சுன்னுதான் பாக்குறேன், ஒண்ணுமே தடையா இல்லன்னா 3. 4 குடுக்கணும்னா டெலிவரியே புரிய வச்சிருக்கணும். சார்ட் வந்ததும் படபடன்னு முடிவுக்குப் போகாம, கீழ இருக்கிறது மணி நேரம், பக்கத்துல இருக்கிறது எத்தனை பேர்னு சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் உயரமான பாரைக் காட்டுறது மாதிரி. பையன் அதை அழகா பண்ணினான், 4. பொண்ணு சொன்ன ரெண்டு நம்பர் பின் வரிசைக்குக் கேக்கவே இல்ல, சீட்டையும் வாசிச்சுச்சு, 2.

இனி கேள்வி பதில். என்னைக் கேட்டா இந்த வரிதான் ரூப்ரிக்லயே கஷ்டமானது, நிறைய பேர் அதைத் தொடாமலே விட்டுடுறாங்க. அமெரிக்கக் கல்லூரிகள் சங்கம் 2009ல வெளியிட்ட வேல்யூ ரூப்ரிக்ல வாய்மொழித் தொடர்புக்கு அஞ்சு வரி இருக்கு. ஒழுங்கமைப்பு, மொழி, டெலிவரி, துணை ஆதாரம், மையக் கருத்து. கேள்வி பதிலுக்குன்னு தனி வரி அதுல கிடையாது. நாம வேணும்னா நாமதான் எழுதிக்கணும்.

கஷ்டம் எங்கன்னா, மத்த மூணு வரியிலயும் அளக்குற விஷயம் பேச்சாளர் கையில இருக்கு, இதுல பாதி கேக்குறவர் கையில இருக்கு. ஒருத்தனுக்கு அவன் ஃப்ரெண்டு எழுந்து "இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீங்க"ன்னு கேக்குறான், இன்னொருத்திக்கு "உங்க சாம்பிள் சார்பா இருக்கலாமே"ன்னு கேள்வி வருது, ரெண்டுக்கும் ஒரே அளவுகோலா? அதை விட நுணுக்கமா ஒண்ணு நடக்குது, பயந்த பிள்ளைன்னா நாம பாவம் பாத்து லேசான கேள்வி கேக்குறோம், அதுக்கு 4 வாங்குற வாய்ப்பே போயிடுது, ஏன்னா லேசான கேள்விக்கு யாராலயும் ஆழமா பதில் சொல்ல முடியாது.

இதுக்கு நான் பண்றது, எல்லாருக்கும் மூணே கேள்வி, மூணும் ஒரே வகை. முதல் கேள்வி விளக்கம் கேக்குறது, நீங்க சொன்ன இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு. ரெண்டாவது அவர் காமிச்சதுலயே பெரிய நம்பர் எதுவோ அதைப் பத்தி, அது எப்படி வந்துச்சு. மூணாவது ஒரு விஷயத்தை மாத்திக் கேக்குறது, லீவு நாள்ல எடுத்திருந்தா இதே ரிசல்ட் வருமா மாதிரி. கிளாஸ்ல மத்தவங்க தாராளமா கேக்கலாம், ஆனா மார்க் இந்த மூணுக்குத்தான். ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியா லெவல் போட்டு நடுவுல வர்றதை எடுத்துக்குவேன். சராசரி எடுத்தா ஒரு கேள்வியில சொதப்பினது மொத்தத்தையும் இழுத்துடும்.

லெவல் இப்படி. கேட்ட கேள்விக்குப் பதில் வரவே இல்ல, வேற எதையோ பேசினார்னா 1. கேள்வி புரிஞ்சிருக்கு, ஆனா ஏற்கெனவே சொன்னதையே திருப்பிச் சொன்னார்னா 2. நேரடியா பதில், அதுக்கு தன் தகவல்லேருந்தே காரணம் காட்டினார்னா 3. அதோட அந்தப் பதில் எது வரைக்கும் செல்லும்னும் சொன்னார்னா 4. தெரியாதுன்னு சொல்றதை எங்க வைக்கிறதுன்னு, என்னோட சேந்து மார்க் போடுற டீச்சருக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. கடைசியில, வெறும் தெரியாதுன்னா 2, தெரியாது ஆனா இதைப் பாத்தா தெரிஞ்சுக்கலாம்னு சரியான வழியைச் சொன்னா 3னு முடிவு பண்ணினோம். தெரியாதுன்னு ஒத்துக்கிறதுக்கு 1 போட்டா, சுத்தி வளைச்சுப் பேசுறதுக்கு நாமளே பயிற்சி குடுக்குற மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது கேள்விக்கு அன்னைக்கு வந்த பதில் ரெண்டும் என் குறிப்புல அப்படியே இருக்கு. எத்தனை பேர் ஃபார்மைத் திருப்பித் தந்தாங்கன்னு கேட்டதுக்குப் பையன், "ரொம்ப நல்ல கேள்வி சார், பொதுவாவே இன்னைக்கு யூத் எல்லாருமே போனுக்கு அடிமை ஆயிட்டாங்க, அதைத்தான் என் சர்வேயும் காட்டுது"ன்னான். குரல் கணீர்னு இருந்துச்சு, அதுக்கு நான் அன்னைக்கு தலைய ஆட்டினதுகூட ஞாபகம் இருக்கு. லெவல் 1. பொண்ணுகிட்ட மீதி 9 பேர் ஏன் தரலன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம நின்னுச்சு, அப்புறம் "கேக்கல சார். ஆனா அதிகமா போன் பாக்குறவங்கதான் வெக்கப்பட்டு தராம விட்டாங்கன்னா, நான் காமிச்ச வித்தியாசம் நிஜத்துல இன்னும் பெருசா இருக்கலாம், சின்னதாவும் இருக்கலாம், அந்த 9 பேரோட தூக்கம் தெரியாம சொல்ல முடியாது"ன்னுச்சு. அந்த மௌனத்துக்குத்தான் நான் அன்னைக்கு மார்க் குறைச்சிருக்கேன். மூணு கேள்விக்கும் சேத்துப் பாத்தா பையனுக்கு 3, 1, 2, நடுவுல வர்றது 2. பொண்ணுக்கு 3, 4, 4, நடுவுல வர்றது 4.

வெயிட்டேஜ் போடுறப்ப நான் ஸ்ட்ரக்சரை 5ஆலயும், ஆதாரத்தை 8ஆலயும், டெலிவரியை 5ஆலயும், கேள்வி பதிலை 7ஆலயும் பெருக்குறேன், எல்லாத்துலயும் 4 வாங்கினா 100 வரும். ரெண்டு பேருக்கும் ஸ்ட்ரக்சர் 3. பையனுக்கு 15, 16, 20, 14, மொத்தம் 65. பொண்ணுக்கு 15, 32, 10, 28, மொத்தம் 85. பழைய ஷீட்ல 33, 25னு இருந்தது தலைகீழாப் போச்சு. டெலிவரியில அவன் முழு மார்க் வாங்கினதை யாரும் புடுங்கல, அது அந்த வரியோட நின்னுச்சு.

ஆனா பேப்பர்ல போட்ட வெயிட்டேஜை அப்படியே நம்பிடக் கூடாது, இது நானே அடி வாங்கிக் கத்துக்கிட்டது. ஆதாரத்துக்கு 100ல 32 வச்சிருக்கேன்னு பெருமையா சொல்லிக்கலாம், ஆனா கிளாஸ்ல எல்லாருக்குமே கை தானா 3 போட்டுட்டா, எல்லாருக்கும் 24, அந்த வரி யாரையும் யார்கிட்டேருந்தும் பிரிக்கல. அதே நேரம் டெலிவரியில 1லேருந்து 4 வரைக்கும் போட்டிருந்தா 5 மார்க்லேருந்து 20 வரைக்கும் 15 மார்க் வித்தியாசம் வருது. ரேங்க்கைத் தீர்மானிக்கிறது அப்ப டெலிவரிதான், அதுக்கு 20 சதவீதம்னு எழுதியிருந்தாலும். மார்க் எல்லாம் போட்டு முடிச்சதும் ஒவ்வொரு வரியிலயும் எத்தனை 1, எத்தனை 2, 3, 4ன்னு எண்ணிப் பாருங்க, ஒரே நம்பர்ல குவிஞ்சு கிடக்குற வரிக்கு நீங்க குடுத்த வெயிட்டேஜ் வேலை செய்யல. கட்டத்துல எழுதின வாசகம்தான் தப்பு, பெருக்குற எண்ணை ஏத்தி பிரயோஜனம் இல்ல.

எழுதி முடிச்ச ரூப்ரிக்கை நேரா கிளாஸ்ல இறக்காதீங்க. பழைய பேச்சு வீடியோ ஒரு அஞ்சாறு எடுத்து (பேசினவங்க சம்மதத்தோட), ரெண்டு பேர் தனித்தனியா மார்க் போட்டு ஒப்பிடணும். இங்க ஒரு ஏமாத்து வேலை இருக்கு. "ரெண்டு பேருக்கும் ஒரு லெவல்தானே வித்தியாசம், பரவால்ல, ஒத்துப் போச்சு"ன்னு நிறைய பேர் எடுத்துக்கிறாங்க. நாலு லெவல்தான் இருக்குங்கிறப்ப, ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டு சீட்டுக் குலுக்கிப் போட்டாக்கூட, 16 சேர்க்கையில 10ல ஒரு லெவலுக்குள்ள வந்துடும், அதாவது 62.5 சதவீதம். அதனால ஒரே லெவல் அப்படியே விழுந்துச்சான்னு மட்டும் எண்ணுங்க, அதையும் வரி வரியா எண்ணுங்க, மொத்த மார்க்கை ஒப்பிடாதீங்க. மொத்தம் ஒத்துப் போறதுல அர்த்தமே இல்ல, நான் ஆதாரத்துல குடுத்ததை என்னோட சேந்து மார்க் போடுற டீச்சர் டெலிவரியில குடுத்திருப்பாங்க. எங்களுக்கு ரொம்ப இடிச்சது ஆதார வரியில 2க்கும் 3க்கும் நடுவுல. பேசிப் பாத்தப்ப, ஸ்லைடு கீழ பொடி எழுத்துல சோர்ஸ் போட்டிருந்தா அவங்க சரின்னு எடுத்துக்கிட்டாங்க, நான் வாயால சொல்லணும்னு நினைச்சேன். "வாய்விட்டு"ங்கிற ஒரு வார்த்தை கட்டத்துக்குள்ள வந்தது அப்படித்தான்.

மார்க் போடுற வரிசையும் சின்ன விஷயம் இல்ல. பேசிக்கிட்டு இருக்கப்ப நம்பரே எழுதுறதில்ல, குறிப்பு மட்டும்தான், பாதிப் பேச்சுல நம்பர் போட்டுட்டா அப்புறம் அதை நியாயப்படுத்தத்தான் காது கேக்கும். பேச்சு முடிஞ்சதும், கேள்வி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் கேட்டு வாங்கி ஸ்ட்ரக்சருக்கும் ஆதாரத்துக்கும் போட்டுடுவேன். கேள்வி நேரத்துல ஒவ்வொரு பதிலுக்கும் அப்பவே. டெலிவரி கடைசியா. அதைக் கடைசியில வச்சதுக்கு வேற காரணம் இல்ல, முதல்ல போட்டா மத்த மூணு கட்டத்துக்கும் வழிஞ்சுடும்.

இவ்வளவுக்கும் ஒரு ஆளுக்கு 8 நிமிஷப் பேச்சு, மூணு கேள்விக்கு ஒரு 5 நிமிஷம், மார்க்குக்கு 2 நிமிஷம்னு 15 நிமிஷம் ஆகுது, 40 பேர்னா 10 மணி நேரம். கிளாஸ்ல அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கு, அதனால பேச்சை 5 நிமிஷமாக் குறைச்சேன், கேள்வியைக் குறைக்கல. குரூப்பா பேசுறப்ப என்ன பண்றதுன்னுதான் இன்னும் சரியா பிடிபடல. நாலு பேர் பேசி, கேள்விக்கு ஒருத்தனே எழுந்து எழுந்து பதில் சொன்னா, அந்த வரியில மத்த மூணு பேருக்கு என்ன போடுறது? இப்போதைக்கு யார் பதில் சொல்லணும்னு நானே பேர் சொல்லிக் கூப்பிடுறேன், அதுவும் அவங்க பேசாத பகுதியிலேருந்துதான் கேக்குறேன், பிள்ளைங்க இதுக்கு இன்னும் என்னை மன்னிக்கல.